புதுப்பிப்பு: பாடத்திட்டம் வார அட்டவணையாகிவிட்டது

முன்பு கேட்டது: "ஐந்து அலகுப் பாடத்திட்டத்தை, வாசிப்பும் தேர்வுத் தேதியும் கொண்ட 15 வார அட்டவணையாக்குவது எப்படி?"

அனைவருக்கும் நன்றி. தேர்வுத் தேதிகளை முதலில் குறித்துவிட்டு, வாசிப்பைப் பின்னோக்கி நிரப்பச் சொன்ன குன்னூர் அம்மாவின் யோசனையே கைகொடுத்தது. அலகுக்கு மூன்று வாரம் என்ற கணக்கு பாதிதான் சரி. மூன்றாம் அலகின் நீண்ட வாசிப்புக்கு நான்கு வாரம் தேவைப்பட்டது, முதல் அலகு இரண்டில் முடிந்தது. ஊட்டி நண்பர் கேட்ட ஆசிரியர் பணிநேர அட்டவணைக்கு இந்த வழி பொருந்தாது.

விடுமுறையில் விழும் தேர்வை அடுத்த வேலைநாளுக்குத் தள்ள, விரிதாளில் WORKDAY சூத்திரம் போட்டேன். அது சனிக்கிழமையையும் விடுமுறையாக எண்ணியது. எங்களுக்குச் சனி வேலைநாள். சரிவந்தது இதுதான்:

```
=WORKDAY.INTL(C6-1,1,11,$H$2:$H$9)
```

C6 திட்டமிட்ட தேதி, 11 என்றால் ஞாயிறு மட்டும் விடுமுறை, H பத்தியில் மற்ற விடுமுறைகள். எதிர்பாராதது: ஹெத்தையம்மன் திருவிழாவின் உள்ளூர் விடுமுறை நான் எடுத்த மாநிலப் பட்டியலில் இல்லை, கையால் சேர்த்தேன். மழை விடுமுறைக்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்பது இன்னும் தீரவில்லை.