ஆண்டு விழா டான்ஸ்: டிரஸ், நகைக்கு செக்லிஸ்ட் வேணும், சனிக்கிழமை விழா, அவசரம்

நாலாப்பு டீச்சர்
வணக்கம். எங்க ஸ்கூல் ஆண்டு விழா வர்ற சனிக்கிழமை. எங்க டான்ஸுக்கு 24 செட் வாடகைக்கு எடுக்கணும். போன வருஷம் வேற டீச்சர் பார்த்தாங்க, திருப்பிக் குடுக்கும்போது பொருள் குறையுதுன்னு கடைக்காரர் அட்வான்ஸ்ல பிடிச்சுட்டாராம். இந்தத் தடவை என் தலையில கட்டிட்டாங்க. யாருகிட்டயாவது லிஸ்ட் இருந்தா போடுங்க ப்ளீஸ்.

மேலூர் மணி
என்ன டான்ஸுங்க? கரகாட்டமா, பரதமா, சினிமாப் பாட்டா? பசங்களா பொண்ணுங்களா? ஒன்னுமே சொல்லாம லிஸ்ட் கேட்டா எப்படி?

வில்லாபுரம் அம்மா
எல்லாத்தையும் பேர் எழுதி பையில போட்டு முந்தின நாளே வீட்டுக்கு அனுப்பிருங்க. பெத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டா பொறுப்பு அவங்களோடது. என் மக படிக்கிற ஸ்கூல்ல அப்படித்தான், ஒரு பிரச்சனையும் இல்ல.

ஓய்வு ஹெச்.எம்.
நாங்க இருந்தப்ப இதுக்கெல்லாம் யாரையும் கேட்டதில்லை. ஸ்டாக் ரெஜிஸ்டர்னு ஒரு நோட்டு உண்டு, இப்ப உள்ள டீச்சர்களுக்கு அது தெரியுமான்னு தெரியல. கோடு போட்டு, வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம். அவ்வளவுதான் விஷயம்.

சலங்கை அக்கா
சார், ரெஜிஸ்டர் சரிதான். அதுல "செட் 24"னு ஒரு வரி எழுதினா நோட்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல. போன வருஷம் இவங்க ஸ்கூல்ல அதுதான் நடந்திருக்கும். டீச்சர், மணி கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. கூடவே இதையும் சொல்லுங்க: எல்லாம் ஒரே கடையா? ஒரே பிள்ளை ரெண்டு டான்ஸ்ல வருதா?

பேரையூர் பாண்டி
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். என் மகனுக்கு மாறுவேடப் போட்டி, அழகர் வேஷம் போடணும். புது மண்டபத்துல தைப்பாங்களே, அவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க?

மேலூர் மணி
குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிட்டாங்க அண்ணே. அங்க போய்க் கேளுங்க. இது வேற இழை.

நாலாப்பு டீச்சர்
சாரி, கிளாஸ்ல இருந்தேன். 24 பேரும் பொண்ணுங்க, மூணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும். முதல்ல பரதம், கடைசியில அதே டிரஸ்ல கோலாட்டம். கோலு ஸ்கூல்லயே இருக்கு. சலங்கை 15 ஜோடி டான்ஸ் மாஸ்டர் தர்றார், மீதி கடையில. இதுல 6 பேர் வரவேற்பு டான்ஸும் ஆடுறாங்க, அதுக்குப் பட்டுப்பாவாடை அவங்க சொந்தம்.

சலங்கை அக்கா
இப்ப பேசலாம். நான் நிறைய ஸ்கூலுக்கு மேக்கப் போடப் போறவ. பொருள் குறையுற இடம் ரெண்டே ரெண்டு. ஒன்னு, எடுக்கும்போது ஜோடியா எண்ணி, குடுக்கும்போது ஒத்தையா எண்ணுறது. இன்னொன்னு தலை.

முதல்ல எண்ணிக்கை. ஒரு பிள்ளைக்கு டிரஸ் 5 துண்டு: ரவிக்கை, பேன்ட், முன் விசிறி, பின்பக்கத் துண்டு, மேலாக்கு. 24 பேருக்கு 120. நகை, சாதாரணமா ஸ்கூலுக்குத் தர்ற செட்டுல நெத்திச்சுட்டி 1, சூரியன் 1, சந்திரன் 1, ராக்கொடி 1, ஜிமிக்கி 2, மாட்டல் 2, அட்டிகை 1, நீள மாலை 1, வங்கி 2, ஒட்டியாணம் 1. மொத்தம் 13. 24 பேருக்கு 312. இதையே ஜோடிக் கணக்குல எழுதினா 10 பொருள், 240. இந்த 72 வித்தியாசம்தான் சண்டைக்கு ஆரம்பம். கடைக்காரர் பொய் சொல்லியிருக்கணும்னு இல்ல, உங்க டீச்சர் பொய் சொல்லியிருக்கணும்னும் இல்ல. அவர் எண்ணினது வேற, இவங்க எண்ணினது வேற. அதனால ஜோடிங்கிற பேச்சே லிஸ்ட்ல வரக்கூடாது. சலங்கையும் 48 கால், அதுல மாஸ்டரோடது 30, கடையோடது 18.

கடையிலயே 24 டப்பாவையும் திறந்து பாருங்க. ஒன்னைத் திறந்து பார்த்துட்டு மீதியும் இப்படித்தான்னு நம்பாதீங்க. சில செட்ல மாட்டல் ஜிமிக்கியோடயே சேர்ந்திருக்கும், அப்ப 13 இல்ல, 11தான். சிலதுல ஏற்கனவே கல்லு விழுந்திருக்கும். அதை பில்லுக்குப் பின்னாடி அவர் கையாலயே எழுத வைங்க.

தெற்குமாசி கடை
எங்க மாமனார் இந்த வாடகைக் கடைதான் வச்சிருக்கார். அக்கா சொல்றது சரி, ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து 24 டப்பாவையும் திறங்கன்னு நின்னா எங்களால முடியாது. சீசன்ல பத்து ஸ்கூல் வரிசையில நிக்கும். வியாழக்கிழமை மத்தியானம் வாங்க, நிதானமா எண்ணித் தர்றோம். பூராம் எண்ணி வாங்கிட்டுப் போறவங்ககிட்ட எங்களுக்கும் தலைவலி கிடையாது.

வில்லாபுரம் அம்மா
நான் சொன்ன மாதிரி வீட்டுக்கு அனுப்பினா இந்த எண்ணுற வேலையே இல்லையே?

சலங்கை அக்கா
சொந்தமா வாங்கின டிரஸ்னா தாராளமா அனுப்பலாம். வாடகைப் பொருள் வீட்டுக்குப் போனா திங்கக்கிழமைதான் வரும், பாதிப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு அன்னைக்கும் வராது. கடைக்கு ஞாயித்துக்கிழமையே போயாகணும். பேர் எழுதுறது மட்டும் நல்ல யோசனை, ஆனா பேரை விட நம்பர் நல்லது. 1ல இருந்து 24 வரைக்கும் ஜிப் கவர், அதே நம்பர்ல ஒரு துணிப்பை. பிள்ளை கையிலயும் உள்பக்கமா பேனாவால அந்த நம்பர். எந்தப் பிள்ளை லீவு போட்டு வேற பிள்ளை ஆடினாலும் நம்பர் மாறாது. அந்த 6 பேர் கவர்ல மட்டும் சிவப்புப் பொட்டு ஒன்னு ஒட்டிருங்க. வரவேற்பு டான்ஸ் முடிஞ்சு அவங்க கழட்டுற சொந்த வளையலும் கம்மலும் வாடகை நகையோட கலந்துரும், அதுக்குத் தனிக் கவர் வேணும்.

ஓய்வு ஹெச்.எம்.
பொட்டு, ஜிப் கவர்! ரெண்டு பொறுப்பான ஆளைப் போட்டா போதும்.

சலங்கை அக்கா
அந்த ரெண்டு ஆளும் எங்க நிக்கணும்னுதான் சார் சொல்ல வர்றேன். மேடைக்குப் பின்னாடி, பெத்தவங்க வர்ற வழிக்கு முன்னாடி. பிள்ளை இறங்கினதும் பாயில உக்கார வச்சு முதல்ல சலங்கை, அப்புறம் ஒட்டியாணம், வங்கி, கழுத்து, காது. தலை கடைசி. அவசரத்துல எல்லாரும் தலையை விட்டுருவாங்க. பூவுக்கு அடியில ராக்கொடி ஒளிஞ்சிருக்கும், வெளிய தெரியவே தெரியாது. மாட்டல் கொக்கி காதுக்கு மேல முடியில சிக்கி அப்படியே வீட்டுக்குப் போயிரும், ராத்திரி எண்ணெய் தேய்க்கும்போதுதான் கையில தட்டுப்படும். அதனால தலையை அவிழ்க்க கை தேர்ந்த ஒருத்தர் தனியா வேணும். கவர்ல 13 விழுந்ததும் ஒரு டிக், அப்புறம்தான் பிள்ளை வெளிய.

போட்டோவை மேடை ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சிருங்க. "ஒரே ஒரு போட்டோ டீச்சர்"னு கூட்டிட்டுப் போற அம்மா நேரா பைக்குல ஏறிருவாங்க.

மேலூர் மணி
கோலு 48 போதுமா?

சலங்கை அக்கா
கையில 4 கூடுதலா வைங்க. ஒத்திகையிலயே விரிசல் விட்டிருக்கும், மேடையில அடிக்கும்போதுதான் உடையும். இன்னொன்னு, ஆல்தாவை முதல்ல கால்ல போட்டு நல்லா காய விட்டுட்டு அப்புறம் பேன்ட் மாட்டுங்க. பேன்ட் ஓரத்துல சிவப்புக் கறை பட்டா போகவே போகாது, கடையில அதுக்கும் பிடிப்பாங்க. மூக்குத்தியை வாடகைக்கு எடுக்காதீங்க, அழுத்துற மாதிரி உள்ளதை விலைக்கே வாங்கிருங்க. தொலைஞ்சா தொலையட்டும்.

நாலாப்பு டீச்சர்
ரொம்ப நன்றி அக்கா. பூ எவ்வளவு வாங்கணும்?

தெற்குமாசி கடை
துணிப்பூ வாங்கிருங்க. இந்தப் பனியில மல்லிகை வரத்தே கம்மி, மாட்டுத்தாவணில விலை கேட்டா மயக்கம் வரும்.

வில்லாபுரம் அம்மா
மதுரையில இருந்துக்கிட்டு பிள்ளைக தலையில துணிப்பூவா? வெளியூர்க்காரன் கேட்டா சிரிப்பான். புவிசார் குறியீடு வாங்கின பூவு!

மேலூர் மணி
குறியீடு 2013ல குடுத்தாங்க, விலையைக் குறைச்சா குடுத்தாங்க? 24 தலைக்கு யாரு காசு குடுப்பா?

வில்லாபுரம் அம்மா
ஆளுக்கு ஒரு முழம் பெத்தவங்க கொண்டு வரட்டும். எங்க வீட்டுக்காரர் தங்கச்சி கல்யாணத்துக்கே தை மாசம் நிஜப் பூதான் வச்சோம்.

மேலூர் மணி
கல்யாணத்துல எல்லாரும் ஒரே அளவு வச்சிருக்கணும்னு அவசியம் இல்லக்கா. மேடையில ஒருத்தி தலையில ரெண்டு முழம், ஒருத்தி தலையில அரை முழம்னு நின்னா அசிங்கமா இருக்கும்.

சலங்கை அக்கா
துணிப்பூவுக்கு என் ஓட்டு, ஆனா காரணம் வேற. நிஜப் பூ நசுங்கி ஈரமாகி ராக்கொடியோட ஒட்டிக்கும், கழட்ட நேரம் ஆகும். துணிப்பூன்னா அதையும் லிஸ்ட்ல ஏத்துங்க, ஒரு தலைக்கு ஒன்னு. பூவைப் பத்தி இதுக்கு மேல நான் பேசல.

ஓய்வு ஹெச்.எம்.
கனகாம்பரம் வைக்கலாமே.

தெற்குமாசி கடை
டீச்சர், ஒன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கோங்க. ஒரு மாட்டல் தொலைஞ்சாலும் எங்களுக்கு அந்த செட்டே வீண். அதே டிசைன் தனியா கிடைக்காது. அதனாலதான் பிடிக்கிறோம்.

சலங்கை அக்கா
அதுக்காக முழு செட்டு விலையைப் பிடிக்கிறது நியாயம் இல்ல தம்பி. உங்ககிட்ட உடைஞ்ச செட்டுல இருந்து எடுத்து சேர்த்துக்குறீங்கதானே? டீச்சர், ஒவ்வொரு பொருளுக்கும் தொலைஞ்சா எவ்வளவுன்னு எடுக்கும்போதே கேட்டு எழுதிக்கோங்க.

தெற்குமாசி கடை
எல்லா டிசைனும் சேராது அக்கா. நீங்க ஒரு நாள் கடையில வந்து உக்காருங்க, புரியும்.

வில்லாபுரம் அம்மா
விழா முடிஞ்சிருக்குமே, என்ன ஆச்சு டீச்சர்?

நாலாப்பு டீச்சர்
எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. நகை 11ஆ வந்த செட்டு 5 இருந்துச்சு, கடையிலயே எழுதி வாங்கிட்டேன், மொத்தம் 302. சனிக்கிழமை ராத்திரி ஒரு மாட்டல் குறைஞ்சது, 17ஆம் நம்பர் கவர். அவங்க அம்மாவுக்கு போன் பண்ணினேன், பின்னல்ல இருந்துச்சாம், காலையில கொண்டு வந்து குடுத்துட்டாங்க. ஆல்தா ரெண்டு பேன்ட்ல பட்டுருச்சு, அதுக்கு எவ்வளவு பிடிப்பாங்கன்னு இன்னும் சொல்லல. பூ துணிதான்.

மேலூர் மணி
மாஸ்டரோட 30 சலங்கையும் கடையோட 18ம் கலக்காம வந்துச்சா?

பேரையூர் பாண்டி
சத்திரத்துல விசாரிச்சேன், தைச்சுத் தர்றேன்னுட்டாங்க. கையில பிடிக்கிற தோல்பை எங்க கிடைக்கும்?