சிறுகதைக்காக, ஹோட்டல் சமையலறையில் வேலை செய்தவர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். உப்புவெளிக் கடற்கரையோரத்து ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவச் சேர்ந்த இளைஞனின் முதல் இரவைச் சிறுகதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மேசைகள் நிறைந்திருக்கும் வேளையில் தலைமைச் சமையற்காரர் வாந்தியெடுத்துத் தளர்ந்துபோக, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு உதவிச் சமையற்காரர் அடுப்பைப் பொறுப்பேற்கிறார். கழுவ வந்தவனே கரண்டி பிடித்து எல்லோரையும் வியக்கவைக்கும் முடிவு எனக்கு வேண்டாம். முதல் நாளில் அப்படி நடக்காது.

கதையின் முடிச்சு தேங்காய்ச் சம்பலில் இருக்கிறது. கழிவறைக்குப் போய்வந்த தலைமைச் சமையற்காரர், கழுவுதொட்டிக்கு அருகிலுள்ள குழாயைத் தொடாமலே, வெறுங்கையால் சம்பலைப் பிசைந்ததை இவன் மட்டும் கண்டிருக்கிறான். கொதிக்கும் மீன் குழம்பைப் போலன்றி, சம்பல் அடுப்பைக் காண்பதில்லை. ஆகவே கையிலிருந்து சேர்ந்த கிருமி அப்படியே தட்டுக்குப் போய்விடும். அதைக் கொட்டத்தான் வேண்டும். வாந்தி நின்று 48 மணித்தியாலம் கழியும்வரை அவர் சமையலறைக்குத் திரும்பக்கூடாது என்பதையும் அறிவேன்.

நான் அறியாதது அங்குள்ள மனிதர்களின் போக்கைத்தான். அன்று சேர்ந்த பொடியன் இதை உதவிச் சமையற்காரரிடம் நேரே சொல்வானா, பரிமாறுபவர் மூலம் சொல்லுவிப்பானா? "அண்ணை" என்று அழைப்பானா, "செஃப்" என்பானா? சம்பல் ஏற்கெனவே சில மேசைகளுக்குப் போயிருந்தால் அங்கு என்ன செய்வார்கள்? திருகோணமலை, நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் வேலை செய்தவர்கள், நீங்கள் கண்டதை விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.