குரூப் புராஜெக்ட் மார்க் தகராறு: வாட்ஸ்அப் சாட்டில் யார் என்ன செய்தார் என்று பார்ப்பது எப்படி?

ஊட்டி, மூன்றாம் ஆண்டு மாணவி

ஐந்து பேர் புராஜெக்ட். கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் 48 பேரிடம் பச்சைத் தேயிலை விலை பற்றி சர்வே. 50க்கு நாலு பேருக்கு 41, ஒருவருக்கு மட்டும் 22. "அவர் ஒண்ணுமே செய்யல" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை துறைத்தலைவர் முன்னால் பேச வேண்டும். குரூப்பில் 1,900 மெசேஜ் கிடக்கிறது. பெயர் வேண்டாம், ஊரை வைத்தே சொல்கிறேன்: கேத்தி, லவ்டேல், அரவேணு, குந்தா, கட்டபெட்டு. 22 வாங்கியது கட்டபெட்டு. எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

கூடலூர், கம்ப்யூட்டர் சென்டர்

படிக்கவே வேண்டாம்மா. குரூப்பைத் திறந்து மூன்று புள்ளி, More, Export chat, Without media. வருகிற ஃபைலுக்கு chat.txt என்று பெயர் வைத்து, அதில் ஆளுக்கு எத்தனை மெசேஜ் என்று எண்ணினால் முடிந்தது:

```
grep -c ' - கட்டபெட்டு: ' chat.txt
```

உன் போனில் எப்படி சேவ் செய்திருக்கிறாயோ அதே பெயரைப் போட வேண்டும். சேவ் செய்யாதவர் நம்பராகத்தான் வருவார்.

ஊட்டி, மூன்றாம் ஆண்டு மாணவி

கேத்தி 640. கட்டபெட்டு 71. அப்போ 22 சரிதான் போலிருக்கே?

குன்னூர், இன்டர்னல் மதிப்பீட்டில் உட்காருபவர்

அவசரப்படாதீர்கள். கூடலூர் சார் சொன்ன கட்டளை ஆண்ட்ராய்டு ஃபைலுக்குச் சரி. ஐபோன் ஃபைலில் தேதி சதுர அடைப்புக்குள் வரும், நடுவில் அந்தக் கோடு இருக்காது. அங்கே இதே கட்டளை பூஜ்யம் காட்டும்.

அதைவிட, எண்ணிக்கை வேலையைக் காட்டாது. கேத்தியின் 640இல் "ok", "எப்ப முடியும்", "யாராவது பதில் போடுங்கப்பா" எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பாருங்கள். ஒருங்கிணைப்பும் வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதை அறிக்கை எழுதிய கணக்கில் சேர்க்க முடியாது.

சாட்டை மேலிருந்து படிக்க வேண்டாம், களைத்துப் போவீர்கள். முடிந்த அறிக்கையை எடுத்துப் பின்னாலிருந்து வாருங்கள். கேள்வித்தாள், கள சர்வே, எக்செல் பதிவு, வரைபடம், எழுத்து, ஸ்லைடு என்று ஆறு வரி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: யார் "நான் செய்றேன்" என்றார், யார் குரூப்பில் போட்டார், போட்டது இறுதி அறிக்கையில் இருக்கிறதா. பெரும்பாலான தகராறு முதல் கேள்வியையும் இரண்டாவதையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது. ஒருவர் 3ஆம் தேதி ஏற்றுக்கொண்டிருப்பார், 19ஆம் தேதி வேறொருவர் முடித்து அனுப்பியிருப்பார்.

தேடும்போது ஒரு சிக்கல். நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். `anupten`, `anupiten`, `send panniten` எல்லாம் ஒரே சொல்தான். ஒன்றைத் தேடிவிட்டு "இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள். `anup` என்று மட்டும் தேடுங்கள், `panni` தனியாக ஒருமுறை. பிறகு `<Media omitted>` வரிகளை மட்டும் பாருங்கள். பேசாமல் ஃபைல் போடுகிறவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள்.

ஊட்டி, மூன்றாம் ஆண்டு மாணவி

மேடம், கட்டபெட்டுடைய 71இல் 26 `<Media omitted>`. ஒரு இடம் இப்படி இருக்கு:

```
15/02/25, 7:41 pm - கட்டபெட்டு: <Media omitted>
15/02/25, 7:41 pm - கட்டபெட்டு: <Media omitted>
15/02/25, 7:42 pm - கட்டபெட்டு: 11 veedu mudinjuthu
15/02/25, 7:58 pm - கேத்தி: ok
```

குன்னூர், இன்டர்னல் மதிப்பீட்டில் உட்காருபவர்

இதுதான் நீங்கள் தேடியது. இப்போது Include media கொடுத்து இன்னொரு முறை எடுங்கள். `IMG-20250215-WA0007.jpg` மாதிரிப் பெயரோடு படங்கள் வரும். அதிலுள்ள தேதி வாட்ஸ்அப்பில் போன நாள், படம் எடுத்த நாள் அல்ல. WA0007 என்ற எண்ணும் போனுக்குப் போன் மாறும், அதை வைத்து வாதாடக் கூடாது. படம் எடுத்த நேரம் வேண்டுமானால் கட்டபெட்டின் கேலரியில் உள்ள அசல் படத்தைத்தான் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் வழியாகப் போன போட்டோவில் அந்த விவரம் உதிர்ந்துவிடும்.

படங்கள் சர்வே தாள்களா, அதில் விவசாயி எண் தெரிகிறதா என்று பார்த்து எக்செல் வரிசையோடு ஒப்பிடுங்கள். 48இல் எத்தனை பொருந்துகிறதோ அதுதான் உங்கள் கையில் இருக்கும் எண்.

எல்லாம் 7:41க்கு மொத்தமாக வந்திருப்பதைப் பார்த்து "சாயங்காலம் உட்கார்ந்து ஒப்பேற்றியது" என்று யாராவது சொல்வார்கள். எஸ்டேட் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. பஸ் ஏறிக் கோத்தகிரி வந்ததும் எல்லாம் சேர்ந்து போகும். அதனால் சில சமயம் வரிசையே போனுக்குப் போன் மாறியிருக்கும்.

கோத்தகிரி, ஒரு அப்பா

எங்க பொண்ணு ஸ்கூல் குரூப்பிலும் இப்படித்தான், மெசேஜை அழிச்சிட்டாங்க. அழிச்சதைத் திரும்ப எடுக்க வழி உண்டா?

கூடலூர், கம்ப்யூட்டர் சென்டர்

அதுக்கு வழி சொல்றேன்னு ஒரு ஆப் வரும், போடாதீங்க அண்ணா. அழித்தது ஃபைலில் "This message was deleted" என்று, யார், எப்போது அனுப்பியது என்பதோடு நிற்கும். என்ன எழுதியிருந்தார் என்று நாமாக ஊகித்து எழுதக் கூடாது. அதுக்கு முன்னாடி குரூப் செட்டிங்கில் Disappearing messages பாருங்க. 7 நாள், 90 நாள்னு இருந்தால் பழையது தானாகப் போயிருக்கும், அதை யாரும் அழிக்கவில்லை. Advanced chat privacy போட்டிருந்தால் எக்ஸ்போர்ட்டே ஆகாது.

என் எண்ணிக்கை வழி தப்புன்னு ஒத்துக்கிறேன். இன்னொரு வழியும் இருக்கு. அறிக்கை கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் File, Version history. யார் எந்த வரி எழுதினார்னு கலர் கலரா காட்டும்.

குன்னூர், இன்டர்னல் மதிப்பீட்டில் உட்காருபவர்

காட்டும், யார் அக்கவுன்ட்டில் எழுதப்பட்டதோ அவர் பெயரை. அரவேணு எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பியதை லவ்டேல் ஒட்டியிருந்தால் டாக்ஸ் லவ்டேல் பெயரைத்தான் சொல்லும். ஒரே தடவையில் இரண்டு பக்கம் குதித்திருந்தால் அது ஒட்டியது என்று சந்தேகப்பட்டு, அந்த நேரத்துக்கு முன்னால் சாட்டில் அதே பத்தி யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். எடிட் அனுமதி இல்லாதவருக்கு வரலாறு திறக்காது, Make a copy எடுத்த பிரதியில் பழைய வரலாறு வராது.

சாட் ஃபைலும் சாதாரண டெக்ஸ்ட்தான். யாரும் ஒரு வரியைத் திருத்தலாம். நீங்கள் எடுத்ததோடு குந்தாவும் தன் போனிலிருந்து எடுக்கட்டும், இரண்டும் பொருந்த வேண்டும். பின்னால் சேர்ந்தவருக்குத் தான் சேருவதற்கு முந்தையது முழுதாக இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று, யார் யாருக்குப் பதில் சொன்னார் என்பது எக்ஸ்போர்ட்டில் வராது. "சரி, நானே பண்றேன்" என்பது எதற்கான பதில் என்று போனைத் திறந்துதான் தெரியும்.

வெலிங்டன், முன்னாள் வகுப்புப் பிரதிநிதி

ஹாஸ்டலில் உட்கார்ந்து பண்ணியது, போனில் பேசி முடித்தது எதுவும் சாட்டில் வராதே. எக்செல் பதிவு பாதி அப்படித்தான் நடக்கும். சாட்டில் இல்லை என்றால் செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

குன்னூர், இன்டர்னல் மதிப்பீட்டில் உட்காருபவர்

ஆகாது. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு "சாட்டில் இல்லை, இருவர் உரிமை கோருகிறார்கள்" என்று எழுதுவேன். மார்க் போடுகிறவர் கேட்டுக்கொள்ளட்டும்.

வெலிங்டன், முன்னாள் வகுப்புப் பிரதிநிதி

அந்த இடத்தில் கேத்தி நன்றாகப் பேசுவார், கட்டபெட்டு பேசமாட்டார். அதனால்தானே 22 வந்தது.

ஊட்டி, மூன்றாம் ஆண்டு மாணவி

ஒப்பிட்டுப் பார்த்தேன். 26 படத்தில் 4 டீக்கடை செல்ஃபி, 22 சர்வே தாள். அதில் 3 மங்கல், எண் தெரியவில்லை. 19 எக்செலோடு பொருந்துகிறது. எக்செல் வரியைக் காலியாக விட்டிருக்கேன். முழு ஃபைலைக் கொடுப்பதா, வேலை சம்பந்தப்பட்ட வரிகளை மட்டுமா? குரூப்பில் ஒருத்தர் வீட்டுப் பிரச்சினை எல்லாம் இருக்கு.

குன்னூர், இன்டர்னல் மதிப்பீட்டில் உட்காருபவர்

வரிகளை மட்டும், தேதி நேரத்தோடு. முழு ஃபைல் கையில் இருக்கட்டும், கேட்டால் காட்டுங்கள்.

வெலிங்டன், முன்னாள் வகுப்புப் பிரதிநிதி

பொறுக்கி எடுத்ததுன்னு சொல்வாங்க மேடம். ஐந்து பேரும் படித்து ஒத்துக்கொண்ட வரிகளாகக் கொடுத்தால் மட்டும்தான் நிற்கும். கேத்தி கையெழுத்துப் போடுவாரா என்பதுதான் தெரியல.