இரண்டாவது பேக்கரி கிளை: ஒரு நாளைக்கு எவ்வளவு விற்றால் கையைக் கடிக்காது?

விளாங்குடி பேக்கரி

எல்லோருக்கும் வணக்கம். மதுரை விளாங்குடியில் அப்பா ஆரம்பித்த பேக்கரியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். நாள் விற்பனை சராசரியாக 14,000 ரூபாய். இதில் நாங்களே சுடும் பப்ஸ், பன், ரொட்டி, கேக் 7,000. டீ, காபி 4,000. வெளியில் வாங்கி விற்கும் சிப்ஸ், பிஸ்கட், கூல்டிரிங்ஸ் 3,000.

கூடல்நகரில் ஒரு கடை வாடகைக்கு வருகிறது. சரக்கை இங்கேயே சுட்டு ஆட்டோவில் அனுப்பப் போகிறேன். அங்கே டீ கிடையாது. மாதச் செலவு: வாடகை 22,000, கவுண்டருக்கு இரண்டு பேர் 28,000, கரண்ட் 9,000, ஆட்டோ 10,000, சில்லறைச் செலவு 3,000, 6 லட்சம் லோனுக்கு தவணை 13,000. மொத்தம் 85,000.

100 ரூபாய்க்கு விற்றால் மாவு, வெண்ணெய், முட்டை எல்லாம் போக 55 நிற்கிறது. 85,000-ஐ 0.55-ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 1,54,500, அதாவது நாளைக்கு 5,150. பழைய கடையில் இது மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். அப்பா மட்டும் "இவ்வளவு சுலபமாக இருக்காதே" என்கிறார். கணக்கில் எதை விட்டுவிட்டேன்?

காமர்ஸ் குமார்

தம்பி, லோன் தவணையை மொத்தமாகச் செலவில் சேர்க்கக் கூடாது. 11 சதவீதம், ஐந்து வருட லோன் என்றால் முதல் மாதத் தவணையில் வட்டி 5,500 மட்டும்தான். மீதி அசல், அது செலவு ஆகாது. அதை எடுத்துவிட்டால் உங்கள் 5,150 இன்னும் குறையும். தைரியமாகத் தொடங்குங்கள்.

சேலம் கேக் அக்கா

நான் வீட்டிலிருந்து பிறந்தநாள் கேக் செய்கிறேன். போன வருடம் அம்மாப்பேட்டையில் சின்னக் கடை போட்டேன். ஆர்டர் கேக்கில் கவலையே இல்லை, முன்பணம் வாங்கித்தான் செய்கிறோம். ஷோகேஸில் வைக்கும் ஃப்ரெஷ் கிரீம் பேஸ்ட்ரிதான் மிஞ்சிப்போகிறது. தம்பி, கிலோ கேக்குக்கு என்ன விலை வைக்கலாம் என்று கேட்கிறீர்களா? ஒரு கிலோவுக்குக் கிரீம், டிசைன் வேலை, பெட்டி எல்லாம் போட்டுப் பார்த்து விலை வையுங்கள்.

விளாங்குடி பேக்கரி

விலை இல்லை அக்கா, எவ்வளவு விற்றால் நஷ்டம் வராது என்பதுதான் கேள்வி. ஆனால் மிஞ்சுவது என்றீர்களே, அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

பழைய அடுப்பு

இருபது வருடத்துக்கு மேலாக பேக்கரிக் கணக்கு பார்க்கிறேன். குமார் சார் சொல்வது லாப நஷ்டக் கணக்குக்குச் சரி. ஆனால் மாதக் கடைசியில் பேங்க் கேட்பது 13,000-ஐத்தான். தவிர, ஃபிரிட்ஜும் கண்ணாடி கவுண்டரும் தேய்ந்துகொண்டே வரும். அசலை எடுத்தால் தேய்மானத்தை உள்ளே போட வேண்டும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். தவணையை அப்படியே விடுங்கள்.

தம்பி, இடிக்கிற இடம் 55-தான். அது நீங்களே சுட்டு, எல்லாமே விற்றால் வருவது. இதற்குள் பேக்கிங்கும் அடுப்பு கேஸும் இருக்கின்றனவா? இல்லையென்றால் 100 ரூபாய்ப் பண்டத்துக்குச் செலவு 48 ஆகும் என்று வைப்போம். இதில் 10 ரூபாய்ச் சரக்கு மிஞ்சினால் 90-தான் வரும், செலவோ அதே 48. விற்ற 100-க்கு 53 போய், 47 நிற்கும்.

புதுக் கடையில் 10 சதவீதம் மிஞ்சுவது சாதாரணம். பப்ஸை க்ரேட்டில் அடுக்கி ஆட்டோவில் கொண்டுபோனால் மேல் ஏடு உதிர்ந்து அடியில் கிடக்கும். சூடாக மூடினால் வியர்த்து நமநமத்துப் போகும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அதை யாரும் எடுக்க மாட்டார்கள்.

வாங்கி விற்பதில் 18 ரூபாய்தான் நிற்கும். டீ இல்லாத கடையில் இதன் பங்கு கூடும். 65 சுட்டது, 35 வாங்கியது என்று எடுத்தால், 100-க்கு 30.3-உம் 6.3-உம் சேர்ந்து 36.6 வரும். நீங்கள் ஜிஎஸ்டி காம்போசிஷனில் இருந்தால் பண்டத்துக்கு 1 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வாங்க முடியாது, அதுவும் இதிலிருந்தே போகும். நிற்பது 35.6. இனி 85,000-ஐ 0.356-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 2,39,000, நாளைக்கு 8,000.

விளாங்குடி பேக்கரி

அண்ணா, 5,150 எங்கே, 8,000 எங்கே! காம்போசிஷனில்தான் இருக்கிறோம். கேஸும் பேக்கிங்கும் அந்த 55-க்குள் இல்லை.

பழைய அடுப்பு

இன்னும் இரண்டு இருக்கிறது. கூடல்நகர் ஆட்கள் இப்போதே உங்கள் கடைக்கு வருகிறார்கள் இல்லையா? அவர்கள் வீட்டுப் பக்கம் கடை வந்தால் அங்கே வாங்குவார்கள், இங்கே குறையும். ஒரு வாரம் பில் போடும்போது "எந்த ஏரியா?" என்று கேட்டு நோட்டில் கோடு போடுங்கள். நாளைக்கு 1,000 ரூபாய் அங்கே மாறுகிறது என்று வைப்போம். டீயும் சேர்ந்திருப்பதால் பழைய கடையில் 100-க்கு 45 நிற்கும், அதனால் மாதம் 13,500 இழப்பு. அதையும் புதுக் கடை சம்பாதித்துத்தான் தர வேண்டும். 85,000 என்பது 98,500 ஆகிவிட்டது. நாளைக்கு 9,200.

அடுத்தது அடுப்பு. 9,200-இல் 65 சதவீதம் சுட்ட பண்டம், ஏறக்குறைய 6,000. மிஞ்சுவதையும் சேர்த்து 6,600 ரூபாய்க்குச் சுட வேண்டும். இப்போது மொத்தமே 7,000-க்குத்தான் விற்கிறீர்கள். வேலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. மதியம் இரண்டிலிருந்து ஐந்துவரை உங்கள் அடுப்பில் டிரே காலியாக இருக்கிறதா? மாஸ்டரும் ஒரு ஹெல்பரும் போதுமா?

விளாங்குடி பேக்கரி

அந்த மூன்று மணி நேரம் அடுப்பு முழுக்க நிறைந்துதான் இருக்கும் அண்ணா. விடிகாலையில் காலி. ஆனால் கூடுதலாக ஒரு ஹெல்பர் வேண்டும், 15,000 கேட்பான்.

பழைய அடுப்பு

அப்போது 1,13,500. 0.356-ஆல் வகுத்தால் மாதம் 3,19,000, நாளைக்கு 10,600. முதல் மாதங்களில் 6,000-தான் விற்றால் மாதம் 49,000-க்கு மேல் கையிலிருந்து போடணும். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

விடிகாலையில் பன், ரொட்டி, பிஸ்கட் சுட்டு அனுப்பினால் பப்ஸுக்கு அடுப்பு கிடைக்கும். அல்லது பப்ஸை மாவாக மடித்து, ஃபிரிட்ஜில் வைத்து அனுப்பி, அங்கே சின்ன அடுப்பில் சுடலாம். மிஞ்சுவது குறையும், ஆனால் அடுப்பும் கரண்டும் செலவு. இதற்கு நான் சரியான விடை சொல்ல மாட்டேன், உங்கள் மீட்டரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சேலம் கேக் அக்கா

புதுக் கடையில் டீ வைக்கவே கூடாதா? டீ இல்லாவிட்டால் பன்னுக்கு ஆள் நிற்காதே.

விளாங்குடி பேக்கரி

டீ மாஸ்டர் 18,000 கேட்கிறார் அக்கா. 15 ரூபாய் டீயில் பால், தூள், சர்க்கரை, கேஸ் போக 8 நிற்கும். 2,250 டீ, அதாவது நாளைக்கு 75 டீ விற்றால் அவர் சம்பளம் வந்துவிடும். ஆனால் எதிரிலேயே ஒரு டீக்கடை இருக்கிறது, பில்டிங்காரரும் வாசலில் கூட்டம் நிற்பதை விரும்பவில்லை.

பழைய அடுப்பு

டீ பரிமாறினால் ஜிஎஸ்டி விகிதமும் மாறலாம், ஆடிட்டரிடம் கேளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவோ லைசென்ஸோ, அதையும் புதுக் கடைக்குத் தனியாக எடுக்க வேண்டும். முதலில் ஏரியா கணக்கைப் போடுங்கள். 1,000 என்று நான் சொன்னது ஊகம்தான். அது 2,500 என்று வந்தால், கூடல்நகர் வேண்டுமா, இன்னும் தள்ளி வேறு இடம் பார்க்கலாமா என்று யோசிக்கணும்.

விளாங்குடி பேக்கரி

நாளை காலையிலிருந்து நோட்டில் கோடு போடுகிறோம் அண்ணா. ஞாயிறும் சேர்த்து ஒரு வாரம் போட்டுவிட்டு எண்ணிக்கையோடு வருகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்கவில்லை.