சுருக்கி வரைதல்ல மார்க் போகுது, உதவி பண்ணுங்க

வைகைக்கரை: சுருக்கி வரைதல் எழுதுனா ஒவ்வொரு தடவையும் பாதி மார்க்தான் வருது, ‘பத்தியின் வரிகள்’னு சிவப்புல அடிக்கோடு, கீழ ‘அளவு மீறியது’. பத்தியில இருக்கறதத்தானே எழுத முடியும்? அடுத்த டெஸ்ட் ஞாயித்துக்கெழம, சீக்கிரம் சொல்லுங்க.

மணப்பாறை: எந்த எக்ஸாம்? பத்தி எத்தனை சொல்லு? நீங்க எழுதுனத போடுங்க.

சிராங்கூன் அம்மா: என் பொண்ணுக்கும் இதேதான், ஓ லெவல் இங்கிலீஷ். 80 சொல்லத் தாண்டுனா மிச்சத்தப் படிக்க மாட்டாங்கன்னு டீச்சர் சொல்வாங்க. 80ல நிறுத்திடுங்க.

மெயின்ஸ் சீனியர்: அது வேற தேர்வும்மா. இங்க மூணுல ஒரு பங்கு. இது கூடத் தெரியாம மெயின்ஸ் எழுத வந்துடறாங்க.

வைகைக்கரை: குரூப் 2 மெயின்ஸ் தமிழ்த் தகுதித் தாள், டெஸ்ட் பேட்ச். பத்தியில இருந்தது: “கோடைக்காலத்தில் ஏரிகள், குளங்கள், கண்மாய்கள் ஆகியவற்றில் படிந்திருந்த வண்டல் மண்ணை ஊர் மக்களே வெட்டி எடுத்து, அதைத் தங்கள் வயல்களுக்கு எருவாகப் பயன்படுத்தினர். இதனால் நீர்நிலைகள் ஆழமாகி, மழைக்காலத்தில் கூடுதல் நீரைத் தேக்கின.”
நான்: “கோடைக்காலத்தில் ஏரிகளில் படிந்திருந்த வண்டல் மண்ணை ஊர் மக்களே வெட்டி எடுத்து வயல்களுக்கு எருவாகப் பயன்படுத்தினர். இதனால் நீர்நிலைகள் ஆழமாகின.”

பேனா மை: சொல்ல மாத்துங்க, போதும். வண்டலுக்குச் சேறு, எருவுக்கு உரம்.

தமிழாசிரியை: அப்படி மாத்துனா நீளம் குறையாதுங்க, வண்டலும் சேறும் ஒண்ணும் இல்ல. தம்பி, பத்தி 24 சொல், உங்களோடது 15, வரவேண்டியது 8. நீங்க நடுவுல சொல்ல உருவிட்டு வாக்கியத்த அப்படியே விட்டிருக்கீங்க, அதான் ரெண்டு குறையும் சேந்தே வருது, மழைநீர் தேங்குன பலனும் விடுபட்டுப் போச்சு. ரெண்டு தடவை படிச்சிட்டு பத்திய மூடி வைங்க. யார் என்ன செஞ்சாங்க, என்ன கெடச்சுது, இத மட்டும் ஓரமா குறிச்சு அதுலேருந்து எழுதுங்க. ‘வண்டல் மண்ணை வெட்டி எடுத்து’ங்கறதுக்கு நம்மகிட்ட ஒரே சொல் இருக்கு, தூர்வாருதல். ஏரி, குளம், கண்மாய் மூணுக்கும் நீர்நிலை. இப்ப பாருங்க: “மக்கள் கோடையில் தூர்வாரியதால் வயலுக்கு உரமும் நீர்நிலைக்குக் கொள்ளளவும் கிடைத்தன.” எட்டுதான். மழைக்கால நீர் கொள்ளளவுக்குள்ளயே வந்துடுது.

பேனா மை: சேத்து எழுதுனாலும் குறையுமே? ‘எருவாகப்பயன்படுத்தினர்’ ஒரே சொல்தானே.

மெயின்ஸ் சீனியர்: திருத்தறவங்க என்ன ஏமாளியா? அது ரெண்டு சொல்.

பேனா மை: அப்ப ‘பயன்படுத்தினர்’? பயன், படுத்தினர்னு அதையும் பிரிங்களேன்.

தமிழாசிரியை: அது கூட்டுவினை, பிரிக்கக் கூடாது. ‘எருவாக’ தனிச்சொல். ஆனா ‘செய்து கொண்டு’ மாதிரி துணைவினைய சிலர் ஒண்ணா எண்ணுவாங்க, சிலர் ரெண்டா. ஒண்ணு ரெண்டு சொல் கூடக்கொறைய இருந்தா நான் மார்க் எடுக்க மாட்டேன்.

மெயின்ஸ் சீனியர்: எங்க பேட்ச்ல எடுத்தாங்க.

மணப்பாறை: தலைப்பு எண்ணிக்கையில சேருமா?

வைகைக்கரை: டீச்சர் சொன்ன மாதிரி பத்திய மூடிட்டு எழுதிப் பாத்தேன், 150 சொல் பத்தி 54ல நின்னுச்சு. அடிக்கோடு ஒண்ணே ஒண்ணு. நன்றி டீச்சர்.