காலாவதியான சாரதி அனுமதிப்பத்திரம் - லொறி வகுப்பும் திரும்பக் கிடைக்குமா?

வணக்கம். அண்ணாவின் லைசன்ஸைப் புதுப்பிக்க உங்கள் உதவி தேவை. வெள்ளவத்தையில் இருக்கிறோம். 2010இல் எடுத்த அட்டை அது. பின்பக்கத்தில் ஒவ்வொரு வாகன வகுப்புக்கும் தனித்தனித் திகதி இருக்கிறது. கனரக வாகனத்துக்கு 4 வருடம் என்பதால் லொறி 2014இல் முடிந்துவிட்டது. காருக்கு 8 வருடம், அது 2018 வரை. அவர் அப்போது கட்டாரில் வேலையில் இருந்தார். இப்போது இங்கே லொறி ஓடும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. ஆனால் செல்லுபடியான லைசன்ஸ் கையில் இல்லாமல் அவரை ஓட விட எனக்கு மனமில்லை. விபத்து ஏதும் நடந்தால் இன்சூரன்ஸ்காரர் பணம் தர மறுக்கலாம்.

முதலில் நுகேகொடையில் மெடிக்கல் எடுத்து, அப்புறம் பழைய அட்டை, அடையாள அட்டையுடன் வெரஹெர போவதாக இருக்கிறோம். இவ்வளவு காலம் கடந்தும் தண்டப்பணத்தோடு இரண்டு வகுப்பையும் புதுப்பித்தார்களா, அல்லது லொறிக்கு மட்டும் மறுபடி பரீட்சை எழுதச் சொன்னார்களா? மெடிக்கல் எடுக்கும்போதே கனரக வாகனத்துக்கு என்று கேட்டு வாங்க வேண்டுமா? அண்மையில் போய் வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும்.