நிகழ்வெண் அட்டவணையில் சராசரி: ஷீட்டில் நீங்கள் பார்த்தவற்றைச் சொல்லுங்கள்

கோகிலா, சாட்ஸ்வொர்த்

தீபாவளிக்கு முன்னால் எங்கள் பகுதியில் வீடுகளுக்கு அரிசி, பருப்பு கொடுப்போம். இந்த முறை 300 வீடுகள். எல்லா வீட்டிலும் ஆள் கணக்கு எடுக்க நேரம் இல்லை. அதனால் பிள்ளைகள் 120 வீடுகளுக்கு மட்டும் போய் ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று எழுதி வந்தார்கள். அந்தச் சராசரியை 300-ஆல் பெருக்கி மொத்த ஆட்களைக் கணிப்பது, அதை வைத்து அரிசிக்கு ஆர்டர் கொடுப்பது என்பதுதான் திட்டம்.

ஷீட்டில் A-யில் ஒரு வீட்டில் உள்ள ஆட்கள், B-யில் அப்படி எத்தனை வீடுகள்:

```
     A    B
2    1    9
3    2    22
4    3    31
5    4    38
6    5    14
7    6+   6
```

முதலில் ஒரு தம்பி AVERAGE(A2:A7) என்று போட்டு 3 என்று சொன்னான். வீடுகளின் எண்ணிக்கையைத் தொடவே இல்லையே என்று ஒரு அக்கா திருத்தினார். ஆட்களையும் வீடுகளையும் பெருக்கிக் கூட்டி, மொத்த வீடுகளால் வகுக்கும்படி எழுதினார்:

```
=SUMPRODUCT(A2:A7;B2:B7)/SUM(B2:B7)
```

விடை 3.07. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததால் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் உறுத்தியது. நாலு பேர் இருக்கும் வீடுகள்தான் மிக அதிகம், அதற்கு மேலும் 20 வீடுகள் இருக்கின்றன. சராசரி எப்படி மூன்றிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும்?

C-யில் =A2*B2 என்று எழுதிக் கீழே இழுத்தேன். 9, 44, 93, 152, 70 என்று ஒழுங்காக வந்தது. கடைசிக் கட்டத்தில் #VALUE! என்று நின்றது. காரணம் அந்த 6+ தான். கூட்டல் குறி சேர்ந்தவுடன் அது எண் இல்லை, எழுத்து. SUMPRODUCT எழுத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் அடுத்த வரிசைக்குப் போய்விடும். மேலே கூட்டியது 368 பேர் மட்டும். கீழே வகுத்ததோ 120 வீடுகளால். அந்த ஆறு வீடுகள் கீழே எண்ணப்பட்டன, அவற்றின் ஆட்கள் மேலே எண்ணப்படவில்லை.

தம்பியின் 3 வந்ததும் அதே 6+ ஆல்தான். AVERAGE எழுத்தைத் தாண்டிவிடும், ஆகவே 1 முதல் 5 வரையான ஐந்து எண்களின் சராசரி 3. இரண்டு தப்பான விடைகள் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டு ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னதைப் போல இருந்தது, அவ்வளவுதான்.

பிள்ளைகளின் தாள்களைத் தேடி எடுத்தோம். அந்த ஆறு வீடுகளில் 6, 6, 7, 7, 8, 9 பேர். மொத்தம் 43. அதைச் சேர்த்தால் 411 பேர், 120 வீடுகள், சராசரி 3.425. 300 வீடுகளுக்கு 3.07 வைத்தால் சுமார் 920 பேர், 3.425 வைத்தால் 1,027 பேருக்குக் கொஞ்சம் மேலே. நூற்றுக்கும் அதிகமான பேருக்கு அரிசி குறைந்திருக்கும். அதுவும் பெரிய குடும்பங்களால் வந்த குறை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது எதிர்ப்பட்டிருந்தால் எழுதுங்கள்.

பழனி, ஃபீனிக்ஸ்

அக்கா, இதற்கு இவ்வளவு தேட வேண்டியதில்லை. 6+ வரிசையையே எடுத்துவிடுங்கள். மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. 368-ஐ 114 வீடுகளால் வகுத்தால் 3.23. தொகுதியும் பகுதியும் பொருந்திவிட்டன. நான் எங்கள் கிரிக்கெட் கிளப் கணக்கில் இப்படித்தான் செய்வேன்.

தேவராஜ், டோங்காட்

பழனி சொல்வதில் ஒரு பாதி சரி. மேலே எந்த வீடுகள் எண்ணப்பட்டனவோ அதே வீடுகள்தான் கீழேயும் எண்ணப்பட வேண்டும். 3.07-இல் உடைந்தது அதுதான், 3.23-இல் அது சரியாகிவிட்டது. ஆனால் தம்பி, 3.23 எந்தக் கேள்விக்கு விடை? ஐந்து பேருக்கு மேல் இல்லாத வீடுகளின் சராசரி அது. கோகிலாவுக்கு வேண்டியது அந்தப் பகுதியின் எல்லா வீடுகளுக்குமானது. மிகப் பெரிய வீடுகளை மட்டும் நீக்கினால் சராசரி எப்போதும் கீழே இறங்கும், மேலே போகவே போகாது.

நான் பல வருஷம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தியவன். பிள்ளைகள் பெருக்கி வகுப்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். எதனால் வகுப்பது என்பதில்தான் இடறுவார்கள். அதிகம் பார்த்தது இரண்டு.

ஒன்று, வரிசைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. கோகிலாவின் அட்டவணையில் 411-ஐ ஆறு வரிசைகளால் வகுத்தால் 68.5 வரும். ஒரு வீட்டில் 68 பேர் இருக்க முடியாது என்று பார்த்தவுடனே தெரியும், அதனால் இது அவ்வளவு ஆபத்து இல்லை.

இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது. B8-இல் யாராவது மொத்தம் 120 என்று எழுதி வைத்திருப்பார்கள். ஃபார்முலாவில் SUM(B2:B8) என்று அந்த மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்துவிடுவார்கள். வகுக்கும் எண் 240 ஆகிவிடும், விடை 1.71 வரும். சரியான விடையில் அப்படியே பாதி. ஷீட்டில் வரும் சராசரி நீங்கள் எதிர்பார்த்ததில் பாதியாக இருந்தால், வேறு எதையும் பார்க்கும் முன் மொத்த வரிசையைப் பாருங்கள்.

சராசரி மிகச் சிறிய மதிப்புக்கும் மிகப் பெரிய மதிப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தருவோம். 68.5 அந்தச் சோதனையில் மாட்டும். 3.07 மாட்டாது, 1.71 கூட மாட்டாது. ஆகவே நான் கூடவே ஒரு கட்டத்தில் இதையும் போடச் சொல்வேன்:

```
=COUNT(A2:A7)
```

COUNT எண்களை மட்டும் எண்ணும். ஆறு வரிசை இருக்க விடை 5 என்று வந்தால் ஒன்று எழுத்தாகக் கிடக்கிறது. கோகிலா செய்தது போல மூன்றாவது நெடுவரிசையில் பெருக்கலை வெளிப்படையாகப் போடுவதை நான் எப்போதும் விரும்புவேன். ஒரே கட்டத்தில் முடிப்பது அழகு, ஆனால் எந்த வரிசை காணாமல் போனது என்று அது காட்டாது.

சிவகாமி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வணக்கம் ஐயா. என் மகன் கிரேடு 12. ரிப்போர்ட்டில் ஏழு பாடங்களுக்கு லெவல் 5, 6, 6, 4, 7, 5, 6 என்று வந்திருக்கிறது. சராசரி எடுக்க எதை எதால் பெருக்க வேண்டும்? நிகழ்வெண் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

தேவராஜ், டோங்காட்

அம்மா, உங்களிடம் இருப்பது அட்டவணை ஆக்காத பட்டியல். ஒவ்வொரு பாடமும் ஒரு தடவைதான் வருகிறது, நேராக AVERAGE போட்டால் போதும். லெவல் 6 மூன்று, லெவல் 5 இரண்டு என்று தொகுத்து எழுதினால்தான் பெருக்கல் தேவைப்படும், அப்போதும் அதே 5.57 வரும். ஆனால் லெவலின் சராசரியை மதிப்பெண்ணின் சராசரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லெவல் 6 என்பது 70 முதல் 79 வரை, லெவல் 7 என்பது 80 முதல் 100 வரை. 81 எடுத்தாலும் 98 எடுத்தாலும் லெவல் 7 தான். சதவீதம் ரிப்போர்ட்டிலேயே இருக்கும், அதை வைத்துப் போடுங்கள்.

ரூபன், வெருலம்

எனக்கு நடந்தது 6+ இல்லாமலே நடந்தது. கடையில் மீலி மாவு பாக்கெட் எந்த அளவு எத்தனை விற்கிறது என்று பார்த்தேன். 1 கிலோ 20, 2.5 கிலோ 30, 5 கிலோ 40, 10 கிலோ 10 பாக்கெட். ஒரு வீடியோவில் பார்த்த ஃபார்முலாவைக் காற்புள்ளியோடு தட்டினேன், எக்செல் ஏற்கவே இல்லை. இங்கே லேப்டாப்பில் தென்னாப்பிரிக்க செட்டிங் இருந்தால் தசமத்துக்குத்தான் காற்புள்ளி. ஃபார்முலாவில் பிரிப்பதற்கு அரைப்புள்ளி போட வேண்டும் என்று தம்பி மகள் காட்டினாள். கோகிலா அக்கா மேலே எழுதியிருப்பதும் அப்படித்தான்.

சரி, ஃபார்முலா ஓடியது, 3.2 கிலோ என்றது. வாரக் கடைசியில் இறக்கிய மாவின் எடையோடு அது ஒத்துப்போகவே இல்லை. 100 பாக்கெட்டுக்கு 320 கிலோ என்றால் மீதி எங்கே? பார்த்தால் 2.5 மட்டும் கட்டத்தின் இடது ஓரம் ஒட்டிக் கிடந்தது, மற்ற எண்கள் எல்லாம் வலது ஓரம். புள்ளி வைத்துத் தட்டியதால் அது இந்த லேப்டாப்புக்கு எண்ணாகவே தெரியவில்லை. 2,5 என்று மாற்றியதும் 75 கிலோ வந்து சேர்ந்தது. 395 கிலோ, சராசரி 3.95.

தேவராஜ், டோங்காட்

இது நல்ல சோதனை ரூபன். சராசரியை மொத்த எண்ணிக்கையால் திருப்பிப் பெருக்கினால் உண்மையான மொத்தம் கிடைக்க வேண்டும். உங்களிடம் தராசு இருந்தது, அதனால் பிடிபட்டது. ஆள் கணக்கில் அப்படி எடை போட முடியாது.

பழனி, ஃபீனிக்ஸ்

அப்போது பெருக்கல் குறி போட்டால் என்ன? =SUMPRODUCT(A2:A7*B2:B7) என்று எழுதிப் பார்த்தேன், 6+ இருந்தபோது #VALUE! காட்டியது. பூஜ்யமாக ஒளிக்கவில்லை. இதையே எப்போதும் எழுதலாமே?

தேவராஜ், டோங்காட்

எழுதலாம், நானும் அதைத்தான் எழுதுவேன். இரண்டு நெடுவரிசைகளை நீங்களே பெருக்கும்போது எழுத்து வந்தால் அது கத்தும். காலியாகக் கிடக்கும் கட்டத்துக்கு மட்டும் கத்தாது, அதைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே COUNT-ஐ விட்டுவிட வேண்டாம்.

கோகிலா, சாட்ஸ்வொர்த்

ஐயா, இன்னொன்று கேட்க வேண்டும். பக்கத்துப் பகுதியிலும் இதேபோல அட்டவணை இருக்கிறது, 6+ என்று 11 வீடுகள். அங்கே முதல் தாள்களை யாரும் வைத்திருக்கவில்லை. அந்த வரிசைக்கு என்ன எண் போடுவது?

பழனி, ஃபீனிக்ஸ்

7 போடுங்கள். உங்கள் ஆறு வீடுகளில் 43 பேர், அதாவது ஒரு வீட்டுக்கு 7.2 தானே.

தேவராஜ், டோங்காட்

எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வெறும் ஆறு வீடுகளில் வந்ததை வேறு தெருவுக்கு எடுத்துப் போகிறோம். நான் முதலில் 6 வைத்துக் கணக்குப் போடுவேன், உண்மையான சராசரி இதற்குக் கீழே இருக்காது என்று உறுதியாகச் சொல்லலாம். அப்புறம் 8 வைத்து ஒரு தடவை. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்பேன்.

ரூபன், வெருலம்

ஐயா, அரிசி வாங்குகிறவர்களுக்கு ஒரே எண்தானே வேண்டும்? கடைக்காரனிடம் இதிலிருந்து அது வரை என்று ஆர்டர் கொடுக்க முடியாது. நான் 8 வைத்து வாங்குவேன், மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கு ஆகும்.

கோகிலா, சாட்ஸ்வொர்த்

11 வீடுகளுக்கும் போய்க் கேட்டுவிட முடியுமா என்று பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன். எந்த வீடு என்று யாராவது ஞாபகம் வைத்திருந்தால்தான் அது நடக்கும். அதுவரை A7-இல் 6 போட்டு, பக்கத்துக் கட்டத்தில் "6 அல்லது அதற்கு மேல்" என்று தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.